படிக்கும்போதே கைச்செலவுக்குச் சைக்கிள் சர்வீஸ்: ஒரே டயர் இரண்டு முறை இறங்கினால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மாலைச்சக்கரம்

வணக்கம். பதினோராம் வகுப்பு படிக்கிறேன். கைச்செலவுக்கு ஒவ்வொரு முறையும் வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்ததால், அக்கம்பக்கத்து வீடுகளில் சைக்கிள் சர்வீஸ் செய்யத் தொடங்கியிருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவது, செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, பிரேக் கம்பியை இறுக்குவது, இவ்வளவுதான். சனிக்கிழமை மாலைகளில் மட்டும் செய்கிறேன். அப்பா அம்மாவுக்குத் தெரியும்.

இரண்டு கேள்விகள். ஒன்று, கூலியை எப்படி நிர்ணயிப்பது? இப்போது கேட்பவர்களிடம் "உங்களுக்குத் தோன்றுவதைக் கொடுங்கள்" என்று சொல்கிறேன். அது சரியாக வரவில்லை.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. எதிர்வீட்டு மாமாவின் பின் டயரில் பஞ்சர் ஒட்டினேன். மாலை முழுவதும் காற்று நின்றது. மறுநாள் காலையில் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. மறுபடியும் கழற்றினேன். பழைய ஒட்டு நன்றாகவே இருந்தது, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டை. அதையும் ஒட்டிக் கொடுத்தேன். சில நாட்களில் மீண்டும் அதே கதை. "உனக்கு வேலை சரியாகத் தெரியவில்லை" என்று அவர் சொல்லிவிட்டார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுப்பதுதான் நேர்மையா? வேறு சின்ன வேலைகள் செய்பவர்கள் இருந்தால் அவர்களும் சொல்லுங்கள்.

காற்றடிப்பான்

தம்பி, குழப்பமே வேண்டாம். மலிவான ஒட்டு வாங்கியிருப்பீர்கள். நல்ல ஒட்டு வாங்குங்கள், அல்லது டியூபையே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, சொல்யூஷன் தடவியவுடன் ஈரம் காய்வதற்குள் ஒட்டை வைத்து அமுக்கிவிட வேண்டும். காய்ந்தால் பிடிக்காது. ஒட்டிய பிறகு தண்ணீரில் முக்கிப் பாருங்கள், குமிழி வரவில்லை என்றால் வேலை முடிந்தது. என் சைக்கிளுக்கு நானேதான் பஞ்சர் ஒட்டிக்கொள்கிறேன்.

பழைய ஸ்பேனர்

டியூப் மாற்றச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் இருந்தது? டயரைப் பார்த்த வெளிப்பக்கமா, ரிம்மைப் பார்த்த உள்பக்கமா? இந்தப் பதில் இல்லாமல் ஆளாளுக்கு மருந்து சொல்வதில் பயனில்லை.

கடை வைத்திருந்த காலத்தில் வேலைக்கு வந்த பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். டியூபைக் கழற்றும்போது வால்வு இருந்த இடத்தையும், எந்தப் பக்கம் செயின் பக்கம் என்பதையும் சாக்பீஸால் குறித்துக்கொள். ஓட்டையைக் கண்டுபிடித்ததும் டியூபைச் சக்கரத்தின் மேலேயே, வால்வுக்கு நேராக வால்வுத் துளை வரும்படி வைத்துப் பார். ஓட்டைக்கு நேர் எதிரே டயரிலோ ரிம்மிலோ குற்றவாளி உட்கார்ந்திருப்பான். அவனை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் அடுத்த பஞ்சருக்கு நாள் குறித்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடித் துண்டு, கம்பித் துணுக்கு. டயரின் உள்பக்கத்தைப் பழைய துணியால் தடவு, விரலால் வேண்டாம், கிழித்துவிடும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அருகருகே இரண்டு சின்னக் கீறல் என்றால், காற்று குறைவாக இருந்தபோது கல்லிலோ பள்ளத்திலோ மோதி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிசல் என்றால் ஒட்ட முடியாது, டியூப் மாற்றத்தான் வேண்டும். காற்றடிப்பான் சொன்னது அந்த ஒரு இடத்தில் சரி.

வேலைதேடி

வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பதிவுக் கட்டணம் கட்டினால் மாதாமாதம் பக்கங்கள் அனுப்புவார்களாம். நானும் பன்னிரண்டாம் வகுப்புதான். சைக்கிள் வேலையைவிட இது கை அழுக்காகாத வேலை அல்லவா? யாராவது செய்திருக்கிறீர்களா?

இரு பிள்ளைகளின் அம்மா

வேலைக்குக் கூலி கொடுப்பவர் முதலில் நம்மிடம் காசு கேட்க மாட்டார். கேட்டால் அங்கே வேலையே இல்லை. கட்டணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார்கள், அல்லது பக்கங்களை அனுப்பிவிட்டுப் "பிழை அதிகம்" என்று சொல்லிக் கூலியைத் தர மாட்டார்கள், அபராதம் கட்டு என்று மிரட்டவும் செய்வார்கள். கட்டாதீர்கள். கை அழுக்கு சோப்புப் போட்டால் போய்விடும்.

மாலைச்சக்கரம்

ஸ்பேனர் ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். இரண்டு ஓட்டைகளும் உள்பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலம்கூட இருக்காது. டயரை உள்ளே தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடியிருந்தேன். ரிம் பக்கம் பார்க்கவே இல்லை.

பழைய ஸ்பேனர்

அப்படியென்றால் உன் ஒட்டு மேல் பழி இல்லை. ரிம்மின் உள்ளே ஸ்போக் கம்பிகளின் தலைகள் வரிசையாகத் தெரியும். அவற்றை மூட ரப்பரிலோ துணியிலோ ஒரு பட்டை சுற்றியிருக்கும், ரிம் டேப் என்பது அதுதான். பழைய சைக்கிளில் அது உலர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். காற்று நிரம்பியதும் டியூப் அந்த ஸ்போக் குழிக்குள் பிதுங்கிக்கொண்டு போகும். அங்கே விளிம்போ, நீண்டுபோன கம்பி முனையோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். அதனால்தான் மாலையில் நின்ற காற்று காலையில் இல்லை.

டயரை முழுவதும் கழற்றி டேப்பைச் சுற்றிலும் பார். விலகியிருந்தால் நேராக்கு, கிழிந்திருந்தால் புதிது போடு. அகலம் முக்கியம். குழிகளை முழுக்க மூட வேண்டும், ஆனால் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் ஏறக் கூடாது. கம்பி முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் ராவி மழுக்கிவிட்டு டேப் போடு. மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் பிளாஸ்டிக் டேப்பைப் போடாதே. சூட்டில் பசை இளகி நழுவிவிடும்.

ஒட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காற்றடிப்பான் சொன்னது தலைகீழ். டியூபைத் துடைத்து உலர்த்து. ஒட்டைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேய், பளபளப்பு போக வேண்டும். வார்ப்பு வரம்பு ஒன்று டியூபில் ஓடும். ஓட்டை அதன் மேலோ அருகிலோ இருந்தால் அந்த வரம்பையும் தேய்த்துச் சமமாக்கு, இல்லையென்றால் அந்த ஓரமாகக் காற்று ஊர்ந்து வெளியேறும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரமான மினுக்கம் போகும் வரை காத்திரு. சுமார் ஐந்து நிமிடம். விரல் வைத்துப் பார்க்காதே, விரல் எண்ணெய் படும். அதன்பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்து.

காற்றடிப்பான்

ஈரத்திலேயே ஒட்டி எனக்கு இதுவரை பிரச்சினை வந்ததில்லையே?

பழைய ஸ்பேனர்

வராமல் போகலாம். காற்று நிறைந்ததும் டியூப் டயரோடு ஒட்டி அழுந்துகிறது. அந்த அழுத்தம் மோசமான ஒட்டைக்கூடப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் சைக்கிளில் மறுபடி இறங்கினால் நீங்கள் மறுபடி ஒட்டிக்கொள்வீர்கள். அடுத்தவர் சைக்கிளில் இறங்கினால் அவர் வேலைக்குத் தாமதமாகப் போவார். கூலி வாங்குகிறவனுக்கு இந்த வித்தியாசம் உண்டு.

தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொன்னீர்களே, அது நல்ல யோசனைதான். ஆனால் ஒட்டிய டியூபை வெளியே வைத்து அதிகமாக ஊதி முக்காதீர்கள், புது ஒட்டின் ஓரம் பெயர்ந்துவிடும். லேசாக ஊதினாலே போதும். கூடவே வால்வையும் முக்குங்கள். பழைய வகை வால்வில் மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய் வெடித்துப் போயிருந்தாலும் இரவோடு இரவாகக் காற்று இறங்கும். அதை மாற்ற ஒரு நிமிடம். அதற்குப் பஞ்சர் கூலி கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரு பிள்ளைகளின் அம்மா

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. ஒரு தாயாகக் கேட்கிறேன். பிரேக் வேலையும் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இறுக்கிய பிரேக்கில் ஒரு குழந்தை போய் விழுந்தால் யார் பொறுப்பு? என் மகனும் உங்கள் வயதுதான். தேர்வுக் காலத்தில் யாராவது "இன்றே வேண்டும்" என்று சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

பழைய ஸ்பேனர்

அம்மா கேட்பது நியாயம். பதில் இரண்டு பகுதி.

எடுக்கக் கூடாத வேலைகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், மின்சார சைக்கிள், விரிசல் விட்ட ஃப்ரேம் அல்லது ஃபோர்க், கோணலான சக்கரத்தை நேராக்குவது, இவை எல்லாம் கடைக்கு. விரிசல் என்று சந்தேகம் வந்தால் ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுவதும் உன் வேலைதான். அதற்குக் கூலி கிடையாது.

எடுத்த வேலையில், சைக்கிளைத் திருப்பிக் கொடுக்குமுன் எப்போதும் ஒரே வரிசையில் பார். இரண்டு சக்கரத்தின் நட்டும் இறுகியிருக்கிறதா? பிரேக் கட்டை ரிம்மை மட்டும் தொடுகிறதா, டயரைத் தொடுகிறதா? டயரைத் தொட்டால் சில நாளில் டயரின் பக்கவாட்டை அரித்துவிடும். பிரேக் பிடியை முழு பலத்தோடு அழுத்து. பிடி ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் கம்பி இன்னும் தளர்வாக இருக்கிறது, அல்லது கட்டை தேய்ந்துவிட்டது. பிறகு முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பு. சக்கரம் அசையாமல் ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் கொடுக்காதே. எல்லாம் சரியென்றால் நீயே மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்.

செயினுக்கு விடும் எண்ணெய் ரிம்மிலோ டிஸ்க்கிலோ படக் கூடாது. என் கடைக்கு வந்த "பிரேக் பிடிக்கவில்லை" புகார்களில் பல, வீட்டில் ஆசையாக எண்ணெய் போட்டதால் வந்தவை.

சட்டம் படிப்பவள்

வயது பற்றி ஒரு குறிப்பு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கை, 1973இல் வந்தது, வேலையில் சேரும் குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்று வைக்கிறது. 13 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குப் படிப்பையும் உடல்நலத்தையும் கெடுக்காத இலகுவான வேலையை நாடுகள் அனுமதிக்கலாம். வளரும் நாடுகள் இந்த வரம்புகளை ஓராண்டு குறைத்துக்கொள்ள இடமுண்டு. ஆபத்தான வேலைக்கு 18. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதை வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டுமொத்தத்தில் சனி மாலை பஞ்சர் ஒட்டுவது வேறு, பள்ளியைவிட்டுப் பட்டறைக்குப் போவது வேறு.

அறிமுகம் இல்லாதவர் வீட்டுக்குள் போய் வேலை செய்ய வேண்டாம். வாசலில், ஆட்கள் நடமாடும் இடத்தில் செய்யுங்கள்.

கணக்குப்புலி

கூலி பற்றி யாரும் பேசவில்லை. "தோன்றுவதைக் கொடுங்கள்" என்பது பார்க்கத்தான் பணிவு. கொடுப்பவருக்கும் தர்மசங்கடம், வாங்குபவருக்கும் மனக்குறை.

கடைக்காரர் ஒரு பஞ்சருக்கு வாங்குவதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பத்து நிமிடம் ஆகும், உங்களுக்கு அரை மணி நேரம். நேரத்தை வைத்துக் கூலி கேட்டால் மூன்று பங்கு வரும், யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே பஞ்சருக்கு ஒரு பங்குதான். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, பிரேக் பார்த்து, காற்றடித்துக் கொடுப்பதை ஒரே வேலையாகக் கட்டி இரண்டு பங்கு கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அதைச் செய்யச் சோம்பல், கடைக்குத் தள்ளிக்கொண்டு போகவும் சோம்பல். உங்கள் வருமானம் அங்கேதான்.

டியூப், பிரேக் கட்டை எல்லாம் வாங்கிய விலைக்கே, ரசீதோடு. முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், சந்தேகமே வராது.

காற்றடிப்பான்

கடையைவிடப் பாதிக்குச் செய்தால் வரிசை கட்டி வருவார்களே?

பழைய ஸ்பேனர்

வருவார்கள். அந்தத் தெருவில் பஞ்சர் ஒட்டிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்றும் யோசியுங்கள். தம்பிக்கு இது கைச்செலவு, அவனுக்கு இது அரிசி. கடை விலைக்கே செய், முடியாத வேலையை அவனிடம் அனுப்பு. பதிலுக்கு அவன் ஒரு நாள் சக்கரம் நேராக்கக் கற்றுக்கொடுப்பான்.

கணக்குப்புலி

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். பையனுக்கு அனுபவம் இல்லை, உத்தரவாதமும் இல்லை. அதற்கான தள்ளுபடி வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியதுதானே? கடை விலையைக் கேட்டால் கடையின் தரத்தை எதிர்பார்ப்பார்கள்.

பழைய ஸ்பேனர்

எதிர்பார்க்கட்டும். அப்போதுதான் கற்றுக்கொள்வான்.

மாலைச்சக்கரம்

மாமாவின் சக்கரத்தை முழுவதும் கழற்றிப் பார்த்தேன். ரிம் டேப் ஒரு பக்கமாகச் சுருங்கி, மூன்று ஸ்போக் குழிகள் திறந்து கிடந்தன. அதில் ஒன்றின் விளிம்பில் பிசிறு. உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, துணி டேப் வாங்கிப் போட்டேன். கடைசிப் பகுதி டயரை லீவர் போடாமல் கையால் ஏற்றினேன், வால்வை உள்ளே தள்ளி டியூப் மாட்டிக்கொள்ளவில்லை என்றும் பார்த்துக்கொண்டேன். இப்போது காற்று நிற்கிறது.

காசு விஷயத்தில் இன்னும் தெளிவு இல்லை. முதல் முறை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது முறைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. டேப்புக்கு மட்டும் ரசீதைக் காட்டி வாங்கிக்கொண்டேன். இது சரிதானா?

இரு பிள்ளைகளின் அம்மா

என்னைக் கேட்டால் டேப் காசும் வாங்கியிருக்கக் கூடாது. அவர் இரண்டு முறை அவதிப்பட்டிருக்கிறார்.

கணக்குப்புலி

டேப் அவருடைய சைக்கிளில்தான் இருக்கிறது. பொருளுக்குக் காசு, மறுவேலைக்கு இலவசம். தம்பி செய்தது சரி. இனிமேல் "ஒட்டிய அதே இடம் ஒரு வாரத்தில் விட்டால் இலவசம், புது ஓட்டைக்குப் புதுக் கூலி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் படிப்பவள்

அந்த விதிப்படி பார்த்தால் மாமாவின் இரண்டாவது ஓட்டைக்குக் கூலி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் காரணம் முதல் நாளே ரிம்மில் இருந்ததே?

மாலைச்சக்கரம்

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவர் செயினையும் பார்க்கச் சொல்கிறார். மேடு ஏறி அழுத்தி மிதிக்கும்போது வழுக்குகிறதாம். எண்ணெய் விட்டும் நிற்கவில்லை.

பழைய ஸ்பேனர்

எஃகு அளவுகோல் எடு. செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வை. அங்கிருந்து இருபத்து நான்காவது பின் புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயின் மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்னால் இருக்கும் ஃப்ரீவீலின் பற்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மட்டும் போட்டால் முன்பைவிட மோசமாக வழுக்கும், அவர் மறுபடியும் உன்னைத்தான் சொல்வார்.

அளந்து எழுதிக் காட்டு. ஃப்ரீவீல் கழற்றத் தனிக் கருவி வேண்டும், அது உன்னிடம் இருக்காது. அந்த வேலையைக் கடைக்கு அனுப்பு. அளந்து சொன்னதற்குக் கூலி கேட்கலாமா என்று கணக்குப்புலியும் அம்மாவும் சண்டை போட்டு முடிக்கட்டும்.

வேலைதேடி

ஸ்பேனர் ஐயா, எனக்கும் ஒரு கேள்வி. என் சைக்கிளின் இடது பெடலைக் கழற்ற எவ்வளவு பலம் போட்டாலும் இன்னும் இறுகத்தான் செய்கிறது.

பழைய ஸ்பேனர்

இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. கடிகார முள் சுற்றும் திசையில் திருகு, கழன்று வரும். அந்தப் பதிவுக் கட்டணத்தைக் கட்டவில்லையே?